மாதவிடாய் நிற்கப் போகும் காலத்தில் நெஞ்சுப் படபடப்பு: எதற்கு இதயப் பரிசோதனை தேவை?

எனக்கு வயது 46. மாதவிடாய் முன்பின்னாக வருகிறது. சில மாதங்களாக நெஞ்சு படபடக்கிறது. இது இதய வருத்தமா, அல்லது இந்த வயதில் வருவதுதானா?

இரண்டுமாக இருக்கலாம், ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வயதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. படபடப்பு எப்படித் தொடங்குகிறது, துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, எப்படி முடிகிறது, அதனுடன் வேறு என்ன வருகிறது என்ற நான்கையும் கேட்டறிந்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். மெல்ல ஏறி, ஒழுங்காக அடித்து, உடல் வெக்கையோடு சில நிமிடங்களில் மெல்லத் தணியும் படபடப்பு பெரும்பாலும் ஹோர்மோன் மாற்றத்தைச் சேர்ந்தது. ஒரு கணத்தில் தொடங்கி ஒரு கணத்தில் நிற்பது, ஒழுங்கே இல்லாமல் அடிப்பது, வேலை செய்யும்போது வருவது, மயக்கத்தோடு வருவது ஆகிய நான்கும் இதயப் பரிசோதனைக்கு உரியவை. எந்த வகையாக இருந்தாலும் புதிதாகப் படபடப்பு வந்த ஒருவருக்கு ஒரு தடவையாவது ஈ.சி.ஜி. எடுத்து, இரத்த அழுத்தமும் இரத்தமும் பார்ப்பது முறை.

மாதவிடாய்க்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏன் நெஞ்சு அடிக்க வேண்டும்?

மாதவிடாய் முற்றாக நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஈஸ்திரஜன் என்னும் பெண் ஹோர்மோன் ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட உயர்ந்தும் அடுத்த மாதம் சடுதியாக விழுந்தும் அலைபாய்கிறது. மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியில் உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் இந்த ஏற்ற இறக்கத்தால் மிகையாக உணர்வுகொள்கின்றன. முன்பெல்லாம் பொருட்படுத்தாத மிகச் சிறிய வெப்ப உயர்வைக்கூட இப்போது பெரிதாக எடுத்து, உடலைக் குளிர்விக்கும்படி உத்தரவிடுகின்றன. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்க்கிறது, தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவதற்காக இதயம் வேகமெடுக்கிறது. பெண்கள் வெக்கை கிளம்புகிறது என்று சொல்லும் அந்தக் கணங்களில் இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 8 முதல் 16 வரை கூடுகிறது. கூடுவது அவ்வளவுதான் என்றாலும், நடுச் சாமத்தில் தூக்கத்திலிருந்து விழிக்கும் ஒருவருக்கு அது நெஞ்சை உடைப்பதுபோல் தெரியும்.

இதயத்தை முடுக்கும் நரம்புகளுக்கும் அதை அடக்கி வைக்கும் நரம்புகளுக்கும் இடையிலான சமநிலையும் இக்காலத்தில் முடுக்கும் பக்கம் சற்றுச் சாய்கிறது. தூக்கம் கெட்ட இரவுகள் அந்தச் சாய்வைக் கூட்டுகின்றன. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடலில் நீர் குறைவதும் சேர்ந்துகொள்ளும். நீர் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைகிறது, அதை ஈடுசெய்ய இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கும் குளிசை குடிப்பவர்களுக்கு இதே காலத்தில் பொட்டாசியமும் குறையக்கூடும் என்பதால், அவர்கள் வைத்தியரிடம் அந்தக் குளிசையின் பெயரைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஒரு துடிப்பு தவறிப்போய், அடுத்த துடிப்பு இடித்ததுபோல் விழுகிறது. இடது பக்கம் சரிந்து படுத்தால் கூடுகிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. இங்கே துடிப்பு தவறுவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு வருகிறது. இதயம் நிரம்புவதற்கு முன்னரே வந்துவிடுவதால் அந்தத் துடிப்பில் இரத்தம் அதிகம் வெளியேறுவதில்லை, ஆகவே அதை உணர்வதும் இல்லை. அதற்குப் பின் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக வருகிறது. பெண்கள் உணர்வது அந்த இடைவெளியையும் பலத்த துடிப்பையும்தான். இடது பக்கம் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வருவதால் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஆரோக்கியமான இதயங்களிலும் இத்தகைய முந்திய துடிப்புகள் நாள் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவது வழக்கம். இவற்றுள் நல்லவற்றை அடையாளம் காண ஓர் எளிய குறிப்பு உண்டு: ஓய்வில் வந்து, நடக்கத் தொடங்கியதும் மறைந்துவிட்டால் பெரும்பாலும் தீங்கற்றவை. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ கூடினால் அப்படி விட்டுவிடக் கூடாது. நாள் முழுவதும் ஓயாமல் வந்தாலும், ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையும் 24 மணிநேரப் பதிவும் தேவை. மொத்தத் துடிப்புகளில் பத்திலொரு பங்குக்கு மேல் முந்திய துடிப்புகளாக இருந்தால், காலப்போக்கில் இதயத் தசையே தளரக்கூடும்.

வீட்டில் நானே எப்படிக் கவனித்துக்கொள்வது?

மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல்களை மெல்ல வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒழுங்கு. உணரும் துடிப்பை மற்றக் கையால் மேசையில் தட்டிப் பாருங்கள். வேகமாக ஆனால் ஒரே சீராகத் தட்டுகிறீர்களா, சீரான தாளத்தில் இடையிடையே ஒன்று விடுபடுகிறதா, அல்லது தாளமே பிடிபடவில்லையா? இம்மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வைத்தியரின் பாதி வேலையைச் செய்து முடித்துவிட்டார் என்பேன்.

வீட்டு இரத்த அழுத்தக் கருவி காட்டும் நாடித் துடிப்பை முழுதாக நம்ப வேண்டாம். முந்திய துடிப்புகள் பல கைவரை எட்டாததால், இதயம் 84 தடவை துடிக்கும்போது கருவி 50 என்று காட்டி வீட்டாரைப் பதறவைப்பதுண்டு. ஈ.சி.ஜி. பதியும் வசதியுள்ள கைக்கடிகாரம் இருந்தால், படபடக்கும்போதே பதிந்து சேமித்துக் காட்டுவது மிகப் பயனுள்ளது. வெறும் துடிப்பு எண்ணிக்கையைக் காட்டும் கடிகாரத்தால் அவ்வளவு பயன் இல்லை.

எனக்குச் சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்குகிறது, திடீரென்று நிற்கிறது. இதுவும் அந்த வயதுப் பிரச்சினை என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

வீட்டார் சொல்வதை ஏற்று இதை விட்டுவிட வேண்டாம். வெக்கையோடு வரும் வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். ஒரே துடிப்பில் 80இலிருந்து 180க்குத் தாவுவது இதயத்தின் மின்பாதையில் ஏற்படும் சுழற்சியின் அடையாளம். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடைப்பட்ட முடிச்சின் அருகில் சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு பாதைகள் இருக்கும். மின்னோட்டம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுழலத் தொடங்கினால் இதயம் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை அடிக்கும். இந்த வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பாதை பிறவியில் இருந்தாலும், நரம்புச் சமநிலை குலையும் இந்த வயதில் அது அடிக்கடி தலைகாட்டலாம். அதனால்தான் பழியெல்லாம் மாதவிடாயின் மேல் விழுகிறது.

இதை விளக்க, பலரிடம் காணும் அறிகுறிகளைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறேன். உவர்மலையில் வசிக்கும் 47 வயது ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரவில் இரண்டு மணியளவில் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு வெக்கை ஏறி, உடுப்பு நனைந்து, நெஞ்சு படபடக்கிறது. நாடி 98, சீரானது, நான்கைந்து நிமிடங்களில் தணிகிறது. இது ஒரு வகை. இன்னொரு நாள் வகுப்பறையில் கீழே விழுந்த பேனையை எடுக்கக் குனிந்து நிமிரும்போது, ஒரே கணத்தில் நெஞ்சு பாய்ந்து அடிக்கத் தொடங்குகிறது. எண்ண முடியாத வேகம், கழுத்துக் குழியில் விம்மி விம்மித் துடிப்பு, 25 நிமிடங்களின் பின் ஒரே கணத்தில் நிற்கிறது. நின்றபின் இரண்டு தடவை நிறையச் சிறுநீர் போகிறது. வெக்கை கிடையாது. இந்த இரண்டாவதைப் பற்றி அவர் யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து நெஞ்சு படபடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு எடுத்த ஈ.சி.ஜி. சாதாரணம். தைரொயிட் சாதாரணம். ஹீமோகுளோபின் மட்டும் 9.4. மாதவிடாய் ஒன்பது நாள் நீடித்து, கட்டி கட்டியாகப் போகும் பெண் என்பதால் அதில் வியப்பில்லை. இரும்புச்சத்துக் கொடுத்து, இரத்தப் போக்கையும் கட்டுப்படுத்தியபின் இரவுப் படபடப்பு வெகுவாகக் குறைகிறது, மற்றதோ குறையவில்லை. அப்போதுதான் இவை இரண்டும் வேறு வேறு என்பது வெளிப்படுகிறது. அடுத்த தடவை அது தொடங்கியவுடன் வைத்தியசாலைக்குச் சென்று எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒடுங்கிய, மிகச் சீரான அலைகள், நிமிடத்துக்கு 184. ஒருவர் அமைதியாக இருக்கும்போது எந்த வெக்கையும் 47 வயது இதயத்தை அந்த வேகத்துக்குக் கொண்டுபோகாது. அந்தச் சுழற்சியை நிறுத்தும் அடினோசின் மருந்தை நாளத்தில் ஏற்றுகிறார்கள். சில வினாடிகள் நெஞ்சு இறுகி உயிர் போவதுபோல் இருந்து, பின் துடிப்பு வழமைக்குத் திரும்புகிறது.

உறுதியாகக் கண்டறியப்பட்ட பின், இத்தகையவர்களுக்கு வைத்தியர் ஒரு முறையைக் கற்றுக்கொடுப்பார். சாய்ந்து அமர்ந்தபடி, 10 மில்லிலீற்றர் ஊசிக் குழலின் தண்டு சற்று அசையும் அளவுக்கு 15 வினாடி ஊதிவிட்டு, உடனே மல்லாந்து படுத்து, கால்களை இன்னொருவர் 45 பாகைக்கு உயர்த்திப் பிடிக்க 15 வினாடி இருப்பது. 2015இல் வெளியான ஆய்வில், கால்களை உயர்த்தும் இந்த முறையால் நூற்றுக்கு 43 பேருக்குத் துடிப்பு வழமைக்குத் திரும்பியது. உட்கார்ந்தபடி ஊதும் பழைய முறையால் 17 பேருக்கே திரும்பியது. கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தை அமுக்கிப் பார்ப்பதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. அடிக்கடி வருபவர்களுக்கு, தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்திச் சுழற்சிப் பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சை உண்டு. அதற்காக இங்கிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்பப்படுவார்கள். பெரும்பாலானோருக்கு அது நிரந்தரத் தீர்வு.

மேசையில் தட்டிப் பார்த்தேன். தாளமே பிடிபடவில்லை. அது என்ன?

அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே அதிரும் நிலை அது. அங்கே இரத்தம் தேங்கிக் கட்டிபட்டு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். எனவே தாளம் கெட்ட துடிப்பு நின்றுபோனாலும் அதே நாளில் ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டுங்கள்.

நம் நாட்டில் இதோடு கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டார்களா? வாதக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வுச் சுருக்கம் நாற்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாக இப்படி வெளிப்படுவதுண்டு. பிள்ளைப்பேற்றின்போது மூச்சு வாங்கியது, படி ஏறினால் இளைக்கிறது என்பவற்றை வயதின் பெயரில் ஒதுக்கிவிட்டவர்களுள் இவர்களும் இருக்கிறார்கள். எக்கோ பரிசோதனை அதைத் தெளிவாகக் காட்டிவிடும். வால்வு கணிசமாகச் சுருங்கியிருந்தால் இரத்தம் உறையாமல் தடுக்க வோபரின்தான் கொடுக்கப்படும். புதிய மருந்துகள் அதற்கு ஈடாகவில்லை என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

எந்த நிலையில் அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது?

படபடப்போடு மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ உடனே 1990 அழைத்து சுவசெரிய அம்புலன்ஸில் செல்லுங்கள், அது இலவசம். ஓய்வாக இருந்தும் துடிப்பு 150க்கு மேல் நீடித்துத் தணியாமல் இருந்தாலும் அப்படியே. முச்சக்கர வண்டி பிடித்துப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வழியில் மயங்கினால் வண்டிக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் திருகோணமலைப் பொது வைத்தியசாலைதான் வேண்டும் என்று நேரத்தை இழக்காமல், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் முதல் ஈ.சி.ஜி.யை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெக்கை வியர்வையும் மாரடைப்பு வியர்வையும் இந்த வயதில் குழப்பத்தை உண்டாக்குகின்றன. வெக்கையில் தோல் சுடும், காற்றுப்பட ஆறுதல் வரும், சில நிமிடங்களில் விட்டுவிடும். மாரடைப்பில் தோல் குளிர்ந்து பிசுபிசுக்கும்; குமட்டலோ, தாடை, முதுகு, கைகளில் வலியோ, காரணமில்லாத பெருஞ்சோர்வோ சேர்ந்திருக்கும்; விசிறியின் கீழ் இருந்தாலும் விடாது. நீரிழிவு உள்ள பெண்களுக்கு வலி தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அவர்கள் சந்தேகம் வந்தால் போய்ப் பார்ப்பதே சரி.

வேலை செய்யும்போது வரும் படபடப்பும், நாற்பது வயதுக்கு முன் திடீரென இறந்த உறவினர் உள்ள குடும்பத்தவரின் படபடப்பும், ஏற்கெனவே இதய வருத்தம் உள்ளவர்களின் படபடப்பும் அம்புலன்ஸுக்கு உரியவையாக இல்லாவிட்டாலும், சில நாட்களுக்குள் இதயக் கிளினிக்குக்குச் செல்ல வேண்டியவை.

இதயம் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இரத்தச் சோகை. இக்காலத்தில் முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்படை தடித்து, பிறகு அளவுக்கு மிஞ்சி இரத்தம் போகிறது. ஒன்றிரண்டு மணிநேரத்துக்கு ஒரு சுகாதாரத் துவாய் நனைந்தாலோ, ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ அது அதிகம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச் சோகை. குறைந்த இரத்தத்தைக் கொண்டு அதே ஒட்சிசனைச் சுமக்க இதயம் வேகமெடுக்கிறது. உடலில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இலங்கையில் பரம்பரையாக வரும் தலசீமியா இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்கள் பலர் இருப்பதால், இரும்புச்சத்துக் குறையாமலே சோகை தெரிபவர்களுக்கு மாதக்கணக்கில் இரும்புக் குளிசை கொடுப்பதைத் தவிர்க்க அது உதவும். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள். வயது 45ஐத் தாண்டியபின் இரத்தப் போக்கு ஒழுங்கற்றோ அதிகமாகவோ இருந்தால் மகப்பேற்று நிபுணரிடம் கருப்பையையும் காட்ட வேண்டும்.

அடுத்தது தைரொயிட். வெக்கை, வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, மாதவிடாய் மாற்றம் என்று அதன் அறிகுறிகள் முழுவதும் இதைப்போலவே இருப்பதால் டி.எஸ்.எச். பரிசோதனை இல்லாமல் பிரித்தறிய முடியாது. நடுங்கும் விரல்களும் காரணமின்றிக் குறையும் உடல் நிறையும் தைரொயிட்டின் பக்கம் சாட்சி சொல்லும். மாதவிடாய் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இந்த வயதிலும் அது நடக்கிறது.

ஈ.சி.ஜி. சரி என்று சொன்னார்கள். ஆனாலும் வருகிறதே?

வழமையான ஈ.சி.ஜி. பத்து வினாடிகளை மட்டுமே பதிகிறது. அந்த நேரத்தில் படபடப்பு இல்லாவிட்டால், இதயத்தின் அடிப்படை அமைப்பில் குறை தெரியவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. தினமும் வருமானால் 24 மணிநேர ஹோல்டர் பதிவு பிடித்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை வருவதை அந்த ஒரு நாள் கருவி பெரும்பாலும் தவறவிடும். அப்படிப்பட்டவர்கள், வந்தவுடன் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், வாசலிலேயே “இப்போது அடிக்கிறது, நிற்பதற்கு முன் ஈ.சி.ஜி. எடுங்கள்” என்று சொல்ல வேண்டும். எடுத்த தாளைக் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் மங்கிப்போகும், கிளினிக் கொப்பியிலிருந்து கழன்றும் போகும்.

தேநீரையும் வெற்றிலையையும் விட்டால் போதுமா?

சிலருக்குக் குறையும். இரண்டு வாரங்கள் மாலைக்குப் பிந்திய தேநீரை மட்டும் நிறுத்திப் பார்த்தால் உங்களுக்கு அது காரணமா என்று தெரிந்துவிடும். பாக்கிலுள்ள அரெக்கோலினும் நரம்புகளைத் தூண்டுவது; புற்றுநோய்க்காகவே அதை விடவேண்டும் என்பது தனிக் கதை. தடிமனுக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்புக் குளிசைகளும், தொய்வுக்கான சல்பியூட்டமோலும் துடிப்பைக் கூட்டுகின்றன. தொய்வு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். தொய்வு உள்ளவர்கள், பக்கத்து வீட்டுக்காரி படபடப்புக்குக் குடிக்கும் புரோப்பிரனலோலைக் கடன் வாங்கிக் குடிப்பது மூச்சுக் குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஹோர்மோன் சிகிச்சை எடுத்தால் படபடப்புப் போகுமா?

வெக்கையோடு சேர்ந்து வரும் படபடப்பு, வெக்கை குறையும்போது தானும் குறையும். மின்பாதைச் சுழற்சிக்கோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கோ ஹோர்மோன் மருந்து சிகிச்சை அல்ல. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப் போக்கு உள்ளவர்களுக்கும் அது கொடுக்கப்படுவதில்லை. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்களுக்கு வாய்வழிக் குளிசை பொருந்தாது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்திரஜனை மட்டும் கொடுக்காமல், கருப்பையின் உட்படை தடிப்பதைத் தடுக்கும் புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். 35, 45 வயதுப் பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஹோர்மோன் பற்றிக் கேட்கப் போகுமுன் அங்கே போய்வந்தால், முடிவெடுக்கத் தேவையான விவரங்களில் பாதி கையில் இருக்கும்.